ரத்தம் எடுக்கும் முன் முடியைப் பற்றி ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துபவர்களுக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் சக மருத்துவர்களுக்கும், விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் உயிர்வேதியியல் படித்த மருத்துவர். இருபது வருடமாக ஒரு லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. நான் கையெழுத்திட்ட மூன்று ரிப்போர்ட்டுகளைப் பற்றி இந்த மடலில் சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே பெண்ணுடையவை. மூன்றிலும் கருவி பழுதில்லை, தரக்கட்டுப்பாடு அன்று சரியாக இருந்தது, சாம்பிள் மாறவில்லை. ஆனாலும் மூன்றும் தவறு.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது 38. தைராய்டு குறைவாகச் சுரப்பதால் ஆறு வருடமாக தைராக்ஸின் 100 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட்டு வந்தார். வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் எண் அது. அவருக்கு 2, 2.5 என்று அழகாக இருக்கும். போன வருடம் டைபாய்டு வந்து தேறிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து அவருக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அப்படிக் கொட்டுவது வழக்கம், சில மாதத்தில் தானாகவே நின்றுவிடும். ஆனால் தலை வாரும்போது சீப்பு நிறைய முடி வந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை வாங்கினார். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து அதையும் போட்டுக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்து வழக்கமான தைராய்டு டெஸ்டுக்கு எங்கள் லேபுக்கு வந்தார். காலை ஆறரைக்கு மாத்திரை, எட்டரைக்கு ரத்தம். டி.எஸ்.எச். 0.16, ஃப்ரீ டி4 2.4. எங்கள் ரேஞ்சில் டி.எஸ்.எச். 0.4க்குக் கீழே போகக் கூடாது, ஃப்ரீ டி4 1.7ஐத் தாண்டக் கூடாது. இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் எந்த டாக்டரும் தைராக்ஸின் அதிகமாகிவிட்டது என்றுதான் நினைப்பார். அவருடைய டாக்டரும் அப்படித்தான் நினைத்து மாத்திரையைப் பாதியாக, 50 மைக்ரோகிராமாகக் குறைத்தார். கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி.

எட்டு வாரம் கழித்து இரண்டாவது டெஸ்ட். டி.எஸ்.எச். 0.8, ஃப்ரீ டி4 1.6. இரண்டும் ரேஞ்சுக்குள். நான் இந்த ரிப்போர்ட்டை ஐந்து விநாடிகூடப் பார்த்திருக்க மாட்டேன். தடித்த எழுத்தில் எதுவும் இல்லாத ரிப்போர்ட்டை யார் நின்று பார்க்கிறார்கள்? டாக்டரும் அளவு சரியாகிவிட்டது என்று திருப்திப்பட்டார். டீச்சருக்குத்தான் திருப்தி இல்லை. மதியம் வகுப்பில் நிற்க முடியவில்லை, மலச்சிக்கல், எடை நாலு கிலோ ஏறியிருந்தது, குரல் கரகரத்தது. முடி இப்போது முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. அதனால் பயோட்டினை மட்டும் விடாமல் சாப்பிட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டுவதால் பயோட்டின். பயோட்டினால் ரிப்போர்ட்டில் தைராய்டு அதிகமாகத் தெரிகிறது. அதனால் தைராய்டு மாத்திரை குறைகிறது. அதனால் முடி இன்னும் கொட்டுகிறது. செக்கு மாடு மாதிரி அந்தப் பெண் ஐந்து மாதம் சுற்றியிருக்கிறார். அந்தச் செக்கில் நுகத்தடி மாட்டியது எங்கள் லேப்.

மூன்றாவது தடவை டாக்டர் கூடவே வேறு சில டெஸ்டுகளும் எழுதியிருந்தார். டி.எஸ்.எச். 1.1. ஃபெரிட்டின் 5. வைட்டமின் டி 94. அன்று ரிப்போர்ட்டைச் சரிபார்த்த டெக்னீஷியன் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் இருக்கும், என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், ஹீமோகுளோபின் 13.1 இருக்கு, ரத்த அணு சைஸும் நார்மல். ஃபெரிட்டின் மட்டும் எப்படி சார் 5?" என்றாள். இரும்புச் சேமிப்பு அடிமட்டத்துக்குப் போயும் சிலருக்கு ஹீமோகுளோபின் நிமிர்ந்து நிற்கும்தான், ஆனாலும் யோசிக்க வைக்கும் எண் அது. வைட்டமின் டியோ, நாள் முழுக்க வகுப்பறைக்குள் இருப்பவருக்கு 94 வருவது அரிது. நான் ஃபோன் போட்டேன்.

"டீச்சர், வைட்டமின் டி ஊசி, பவுடர் ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"தைராய்டு மட்டும்தான்."

"முடிக்கு ஏதாவது?"

"ஆமா, அது இருக்கு. ஆனா அது மாத்திரை இல்லையே டாக்டர், சும்மா வைட்டமின்தானே."

மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு, நான்காம் நாள் வரச் சொன்னேன். அதே கருவி, அதே கிட். டி.எஸ்.எச். 18.6. ஃப்ரீ டி4 0.7. ஃபெரிட்டின் 58, வைட்டமின் டி 21. மூன்று நாளில் ஒரு மனித உடம்பில் டி.எஸ்.எச். ஒன்றிலிருந்து பதினெட்டுக்கு ஏறாது. அது முன்பே பதினெட்டாகத்தான் இருந்தது. எங்கள் கருவி அதில் பதினேழு பங்கைத் தின்றுவிட்டுத்தான் எண்ணைச் சொன்னது.

இது எப்படி நடக்கிறது என்பது லேபில் வேலை செய்யும் எல்லோருக்கும் பாடத்தில் வந்ததுதான். ஆனாலும் முன்கவுன்ட்டரில் உட்காருபவருக்கும் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால் நம் ஊர்ப் பேருந்தை வைத்துச் சொல்கிறேன்.

நம் கருவிகளில் பலவற்றில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு பேருந்து, அதில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கை. அந்த இருக்கையில் ஒட்டக்கூடியது பயோட்டின் ஒன்றுதான், ஒட்டினால் பிய்த்து எடுக்க முடியாது. உயிரியலில் நமக்குத் தெரிந்த மிக இறுக்கமான பிடிப்புகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் கிட் செய்பவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். டி.எஸ்.எச்.சைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின் முதுகில் ஒரு பயோட்டினைக் கட்டிவிடுகிறார்கள். அது டி.எஸ்.எச்.சைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறி உட்காரும். டி.எஸ்.எச்.சின் மறு பக்கத்தைப் பிடிக்க இன்னொரு எதிர்ப்புரதம் கையில் விளக்கோடு வரும். எல்லோரும் உட்கார்ந்ததும் கருவி ஒருமுறை கழுவும், உட்காராதவர்கள் அடித்துப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் வெளிச்சத்தை அளந்தால் எவ்வளவு டி.எஸ்.எச். என்று தெரியும்.

இப்போது ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி, அந்த வெறும் பயோட்டின் எல்லா இருக்கையிலும் துண்டைப் போட்டுவிடும். டி.எஸ்.எச்.சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இடம் இல்லை. கழுவும்போது விளக்கோடு சேர்ந்து அவர்களும் போய்விடுவார்கள். வெளிச்சம் குறைவு, ஆகவே டி.எஸ்.எச். குறைவு என்று கருவி எழுதும். கருவி பொய் சொல்லவில்லை, உள்ளே உட்கார்ந்தவர்களைத்தான் எண்ணியது. ஃபெரிட்டின், இதயத்துக்குப் பார்க்கும் ட்ரோபோனின், கர்ப்பத்துக்குப் பார்க்கும் ஹார்மோன் எல்லாம் இந்த வகைதான்.

ஃப்ரீ டி4 மாதிரி சிறிய மூலக்கூறுகளுக்குக் கணக்கு தலைகீழ். அவற்றை இரண்டு பக்கமும் பிடிக்க இடமில்லை, அதனால் போட்டி வைக்கிறார்கள். பயோட்டின் கட்டிய டி4 கிட்டுக்குள்ளேயே வருகிறது. நோயாளியின் டி4 குறைவாக இருந்தால் விளக்கு வைத்திருப்பவரைக் கிட்டின் டி4 பிடித்து பேருந்தில் உட்கார வைக்கும். ஆக, நிறைய வெளிச்சம் என்றால் டி4 குறைவு, மங்கலான வெளிச்சம் என்றால் டி4 அதிகம். இருக்கையெல்லாம் துண்டாக இருந்தால் இங்கேயும் வெளிச்சம் மங்கும், ஆனால் கருவி அதை "டி4 அதிகம்" என்று படிக்கும். வைட்டமின் டி, கார்ட்டிசால், டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் இந்த வகை.

ஒரே துண்டு, டி.எஸ்.எச்.சைக் கீழே தள்ளுகிறது, டி4ஐ மேலே ஏற்றுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயின் அச்சு அசலான படம் அது. மற்ற குறுக்கீடுகளில் ஏதாவது ஒரு எண் மட்டும் ஒத்துவராமல் நிற்கும், நமக்குச் சந்தேகம் வரும். இதில் இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. உறுதிப்படுத்த கிரேவ்ஸ் நோய்க்கான எதிர்ப்புரத டெஸ்ட் போட்டாலோ, அதுவும் பல கருவிகளில் போட்டி வகைதான், அதுவும் பாசிட்டிவ் என்று வரும். 2016ல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறவி வளர்சிதைக் கோளாறுக்காக மிக அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொண்ட குழந்தைகள். ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் கிரேவ்ஸ், நிஜத்தில் ஒருவருக்கும் இல்லை.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று சொல்லப்படுவது சுமார் 30 மைக்ரோகிராம். முட்டை, வேர்க்கடலை, சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடுகிறது. 10 மில்லிகிராம் மாத்திரை என்பது 10,000 மைக்ரோகிராம், அதாவது முந்நூறு நாளுக்கு மேல் தேவையானதை ஒரே மிடறில் விழுங்குவது. உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை, சிறுநீரில் போய்விடும். சிக்கல் டெஸ்ட் டியூபில்தான். சாதாரண பி காம்ப்ளெக்ஸிலும் மல்டிவைட்டமினிலும் பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். வேர்க்கடலை சாப்பிட்டேனே என்று ஃபோன் செய்பவர்களையும் சமாதானப்படுத்தி அனுப்புங்கள்.

முடிக்கு இது உதவுமா என்று எங்களிடம் கேட்பார்கள். பயோட்டின் குறைபாடு உள்ளவருக்கு முடி கொட்டும், கொடுத்தால் வளரும், அது உண்மை. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது, நம் காந்த மணியில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். அது பயோட்டினைக் கவ்விக்கொள்ளும். பச்சை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் குறைபாடு வரும், முடி கொட்டும். வேகவைத்தால் அந்தப் பிடி போய்விடும். பயோட்டினுக்கு முடி வைட்டமின் என்ற பேர் வந்ததில் இந்தக் குறைபாட்டுக் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குறைபாடே இல்லாதவருக்குக் கொடுத்து முடி வளர்ந்ததற்கு நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. எளிதில் பிளக்கும் நகத்துக்கு ஒன்றிரண்டு சிறிய ஆய்வுகள் உண்டு, அவ்வளவுதான். ஆனால் என் மடல் அதைப் பற்றியது இல்லை. சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். நாம் அதைத் தெரிந்துகொள்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

"எங்கள் கருவியில் இந்தப் பிரச்சினை இல்லை" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எல்லா நிறுவனமும் ஸ்ட்ரெப்டாவிடின் முறையைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தும் நிறுவனங்களும் சமீப வருடங்களில் பல கிட்டுகளை மாற்றியமைத்துத் தாங்குதிறனைப் பல மடங்கு கூட்டியிருக்கின்றன. முன்பு ஒரு மில்லிலிட்டருக்கு 20, 30 நானோகிராம் பயோட்டினிலேயே தடுமாறிய டெஸ்ட், இப்போது ஆயிரத்தைத் தாண்டியும் நிற்கிறது. 10 மில்லிகிராம் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது சுமார் 50 முதல் 140 நானோகிராம். பழைய கிட் என்றால் அதில் விழும், புதிய கிட் என்றால் தப்பும்.

ஆனால் உங்களிடம் இருப்பது எது என்று உங்களுக்குத் தெரியுமா? கருவியின் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே கருவியில் டி.எஸ்.எச். தாங்கும், ஃப்ரீ டி4 தாங்காது. 2017ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆறு ஆரோக்கியமானவர்களுக்கு தினம் 10 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் கொடுத்து, அவர்களுடைய ரத்தத்தைப் பல கருவிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். ஒரு கருவியில் 94 சதவீதம் இறங்கியது, இன்னொன்றில் 37 சதவீதம், வேறொன்றில் அசையவே இல்லை. எங்கள் டீச்சருக்கு நேர்ந்தது அந்த 94 சதவீத ரகம்.

பதில் கிட் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்த தாளில் இருக்கிறது. பொடி எழுத்து, பாதி பேர் பெட்டியைப் பிரித்ததும் குப்பையில் போடுவது. "குறுக்கீடுகள்" என்ற பகுதியில் பயோட்டின் எவ்வளவு வரை தாங்கும் என்று எண்ணோடு போட்டிருப்பார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து உங்கள் லேபில் ஓடும் ஒவ்வொரு டெஸ்டின் தாளையும் எடுத்து, அந்த எண்ணை ஒரே அட்டையில் எழுதி கருவிக்கு மேலே ஒட்டுங்கள். நூற்றைம்பது நானோகிராமுக்குக் கீழே இருப்பவற்றைச் சிவப்பில் எழுதுங்கள். கிட் பதிப்பு மாறும்போது அட்டையையும் மாற்றுங்கள். எங்களுக்கு அந்த வேலை மூன்று மணி நேரம்தான் பிடித்தது. டீச்சருக்கு முன்பே செய்திருக்கலாம்.

சந்தேகம் வந்துவிட்டால் எப்படி உறுதிசெய்வது? நல்ல வழி, மாத்திரையை நிறுத்தி மறுபடி ரத்தம் எடுப்பதுதான். தைராய்டு டெஸ்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி அமெரிக்க தைராய்டு சங்கம் பரிந்துரைக்கிறது. 10 மில்லிகிராம் அளவுக்கு அது போதும். நரம்பு நோய்க்காக 100, 300 மில்லிகிராம் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது போதாது, நாள் கூடும். நிறுத்த முடியாவிட்டால், ஸ்ட்ரெப்டாவிடின் இல்லாத முறையில் ஓடும் வேறு லேபுக்கு அதே சாம்பிளை அனுப்புங்கள். கையிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்றும் உண்டு. டி.எஸ்.எச். சாம்பிளை கிட்டோடு வரும் நீர்மத்தில் ஐந்து மடங்கு கரைத்து ஓட்டி, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். பயோட்டினும் கூடவே கரைந்து போவதால் இருக்கைகள் காலியாகும், பெருக்கிய எண் முதலில் வந்ததைவிட வெகுவாக எகிறும். நல்ல சாம்பிளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஃப்ரீ டி4ல் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கரைத்தால் அந்த ஹார்மோனின் சமநிலையே கலைந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் சந்தேகம் வந்த பிறகு. டீச்சரின் இரண்டாவது ரிப்போர்ட் மாதிரி எண்கள் ரேஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் சந்தேகமே வராது. அதனால்தான் ஊசி போடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "பயோட்டின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். பேரே தெரியாது, இல்லை என்பார்கள். "வேறு மருந்து ஏதாவது?" என்றும் கேட்காதீர்கள், டீச்சர் சொன்ன பதில்தான் வரும். "முடிக்கு, நகத்துக்கு, ஸ்கின்னுக்கு மாத்திரையோ பவுடரோ மிட்டாய் மாதிரி கம்மியோ ஏதாவது சாப்பிடுறீங்களா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். ஆண்களிடமும் கேளுங்கள். முன்நெற்றி ஏறுகிறதே என்று கவலைப்படும் இருபத்தைந்து வயதுப் பையன் அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நாங்கள் இந்தக் கேள்வியை ஆரம்பித்த முதல் வாரம், சீட்டில் குறித்துக்கொள்ள ஒரு கட்டம்கூட இல்லாமல் ஓரத்தில் பேனாவால் எழுதினோம். இப்போது பெயர், வயது, வெறும் வயிறா என்பதற்குப் பக்கத்தில் "முடி மாத்திரை: ஆம் / இல்லை, கடைசி வேளை" என்று அச்சிட்டிருக்கிறோம்.

காலை ஏழு மணிக் கூட்டத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன், டோக்கனுக்குச் சண்டை நடக்கும். அதனால் முந்தின வேலையை ஃபோனுக்குத் தள்ளிவிடுங்கள். புக்கிங் செய்ததும் "12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம்" என்று ஒரு செய்தி அனுப்புகிறீர்கள் இல்லையா? அதில் இன்னொரு வரி: "முடி, நகம், சருமத்துக்கு வைட்டமின் மாத்திரை அல்லது கம்மி தானாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தவும். டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றால் நிறுத்தாமல் எங்களுக்குத் தெரிவிக்கவும்." வெறும் வயிறு என்று மட்டும் சொன்னால் மக்கள் சாப்பாட்டைத்தான் நிறுத்துவார்கள், மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை இட நெருக்கடி என்று வெட்டிவிடாதீர்கள். பயோட்டினிடேஸ் என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு பயோட்டின்தான் உயிர்க்காப்பு. நம் செய்தியைப் படித்து ஒரு தாய் அதை நிறுத்திவிடக் கூடாது. அந்தக் குழந்தையின் சாம்பிள் பாதிப்பில்லாத முறைக்குப் போக வேண்டும், மருந்து தொடர வேண்டும். இன்னொன்றும் நடக்கும். "மாத்திரையை நிறுத்தவும்" என்று மட்டும் இருந்தால் சிலர் தைராய்டு மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். தைராய்டு மாத்திரை என்றைக்கும் போலத்தான், ரத்தம் கொடுத்த நாளில் மட்டும் கொடுத்த பிறகு.

இதுவரை சொன்னது நிதானமாக ரத்தம் எடுக்கும் இடங்களுக்கு. நெஞ்சு வலியோடு ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறவரை இரண்டு நாள் கழித்து வரச் சொல்ல முடியாது. மருத்துவமனைக்குள் லேப் நடத்துபவர்கள் இதை மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

2017 நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பயோட்டின் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ட்ரோபோனின் பொய்யாகக் குறைவாக வந்து, அவர் இறந்துபோனதாக அதில் இருந்தது. 2019ல் அதைப் புதுப்பித்து மறுபடி சொன்னார்கள், குறிப்பாக ட்ரோபோனினுக்காக.

முடிக்கான 10 மில்லிகிராம் மாத்திரை பெரிய மாரடைப்பைப் பெரும்பாலும் முழுசாக மறைத்துவிடாது. ட்ரோபோனின் ஆயிரக்கணக்கில் இருந்தால் முப்பது சதவீதம் போனாலும் மிச்சமே கத்தும். அபாயம் விளிம்பில் இருப்பவருக்கு. உங்கள் டெஸ்டில் 14க்கு மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். வலி தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் வந்தவருக்கு நிஜத்தில் 18 இருக்கிறது. முப்பது சதவீதம் குறைந்தால் 12.6. "நெகட்டிவ்." வாயுத் தொல்லை என்று சொல்லி ஓர் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்ப அந்த ஓர் எண் போதும். அதே மனிதர் 100 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுகிறவர் என்றால், அல்லது சிறுநீரகம் பழுதாகி பயோட்டின் உடம்பில் தேங்குகிறவர் என்றால், இழப்பு முப்பதோடு நிற்காது.

அவசரப் பிரிவில் நோயாளியால் பேச முடியாமல் போகலாம், கூட வந்தவரிடம் கேளுங்கள். பதில் ஆம் என்றால், அல்லது தெரியாது என்றால், உங்கள் அட்டையில் ட்ரோபோனின் சிவப்பில் இருந்தால், ரிப்போர்ட்டை வெறும் எண்ணாக அனுப்பாதீர்கள். டியூட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டு, இந்த எண் குறைவாக வந்திருக்கலாம், இதை நம்பி அனுப்பிவிடாதீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். வேறு முறையில் ஓடும் சின்னப் படுக்கையோரக் கருவி இருந்தால் அதில் ஒருமுறை பாருங்கள். இசிஜியும் வலியின் கதையும் ஒரு பக்கம் இருக்க, ட்ரோபோனின் மட்டும் மறுபக்கம் நின்றால், சந்தேகப்பட வேண்டியது ட்ரோபோனினைத்தான். சில மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சாம்பிளையும் கவனத்தோடு படியுங்கள். இடையில் பயோட்டின் வடிந்துவிட்டால் அதனாலேயே எண் ஏறித் தெரியும், ஏறவில்லை என்றால் மாரடைப்பு இல்லை என்றும் ஆகிவிடாது. புதிய கிட்டுக்கு மாறினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி போய்விடும். எல்லா டெஸ்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது என்றால் ட்ரோபோனினை முதலில் மாற்றுங்கள்.

மாத்திரை செய்பவர்களையும் விற்பவர்களையும் அட்டையில் ஓர் எச்சரிக்கை போடச் சொல்ல வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் அது வேறொரு மடல், அதற்குப் பதில் வர வருடக்கணக்கில் ஆகும். நம் கவுன்ட்டரில் ஒரு கேள்வியைச் சேர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

டீச்சருக்கு தைராக்ஸின் மறுபடி 100க்குப் போனது. மூன்று தவறான ரிப்போர்ட்டையும் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று எழுதி, அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் கொடுத்தோம். பணத்தையும் திருப்பித் தந்தோம், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பத்து வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.9. இந்தத் தடவை ரத்தம் எடுக்கும் முன் அந்த டெக்னீஷியன் பெண்ணே கேட்டாள், முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா டீச்சர் என்று. இல்லம்மா, தேங்காய் எண்ணெய்தான் என்றார்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் ஒருவன்